கிளையண்ட் பெயரைக் கேட்கும் ரெக்ரூட்டரிடம் என்ன சொன்னீர்கள்?

கரிக்கோல்

மூன்று வருடம் ஒரே ப்ராஜெக்ட்டில் இருந்தேன். அதைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாது என்று என்டிஏ. அந்த நிறுவனத்தை விட்டு வந்து வேறு வேலை தேடியபோதுதான் அதன் கனம் தெரிந்தது. என் ரெஸ்யூமேயில் பாதி அந்த மூன்று வருடம்தான்.

முதல் அழைப்பைச் சொதப்பினேன். கிளையண்ட் யார் என்றார் ரெக்ரூட்டர். "என்டிஏ இருக்கு, சொல்ல முடியாது" என்றேன். எவ்வளவு பெரிய சிஸ்டம்? அதுவும் என்டிஏ. சரி, அதில் நீங்கள் செய்தது என்ன? பதற்றத்தில் அதற்கும் அதே பதில்! பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. அப்புறம் அவர் அழைக்கவில்லை.

அன்று இரவு, கையெழுத்துப் போட்ட காகிதத்தை முதல் முறையாக முழுதாகப் படித்தேன். (சேரும்போது யார் படிக்கிறார்கள்?) சில இடங்களில் நான் நினைத்ததைவிட இறுக்கமாக இருந்தது. கிளையண்ட்டின் பெயர் மட்டுமல்ல, அவர்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது என்பதே ரகசியம். ஆனால் ஏற்கெனவே பொதுவில் வந்த செய்தியும், வேலையில் எனக்கு வந்த பொதுவான திறமையும் இதில் அடங்காது என்று தனியாக ஒரு பத்தி இருந்தது. அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் பழைய மேனேஜருக்கும் ஹெச்ஆருக்கும் ஒரு மெயில் போட்டேன். "நான் என்னவெல்லாம் சொல்லலாம்?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பதில் வராது, வந்தாலும் "எதுவும் சொல்லாதீர்கள்" என்றுதான் வரும். மூன்று வாக்கியங்களை நானே எழுதி, இவற்றை ரெஸ்யூமேயில் போடலாமா என்று கேட்டேன். முதலாவது, இரண்டு தனித்தனி சிஸ்டம்களில் பதிவாகும் பணப் பரிவர்த்தனைகளை ஒப்பிட்டு, ஒட்டாதவற்றைப் பிரித்துக் காட்டும் மென்பொருளில் வேலை செய்தேன். இரண்டாவது, நான்கு பேர் குழுவில் பொருத்தும் விதிகளை எழுதியது நான். மூன்றாவது, ஒரு நாளைக்கு இத்தனை பரிவர்த்தனைகள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. முதல் இரண்டும் சரி, மூன்றாவதை எடுத்துவிடுங்கள் என்றார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்தே துறையில் இருப்பவர்கள் கிளையண்ட் யார் என்று ஊகித்துவிடுவார்களாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்த ஒன்பது நாட்களில் இன்னொன்றும் செய்தேன். அதே வகைப் பிரச்சினையைப் போலித் தரவில் புதிதாகக் கட்டினேன். பழைய கோடில் ஒரு வரிகூடக் கிடையாது, எல்லாம் பொதுவாகப் புத்தகங்களில் இருக்கும் முறைகள். ஒரு சின்ன நிரல் இரண்டு கோப்புகளை உருவாக்கும், ஒவ்வொன்றிலும் சுமார் 1 லட்சம் வரிகள். அவற்றில் நானே வேண்டுமென்று 500 தவறுகளை நுழைத்தேன். ஒரே பதிவு இரண்டு முறை வருவது, ஒரு பக்கம் மறுநாள் வந்து சேர்வது, தசமத்தை முழுமையாக்கியதில் வரும் சின்ன வித்தியாசம், ரெஃபரன்ஸ் எண் காணாமல் போவது இப்படி. பொருத்தும் நிரல் 487 தவறுகளைச் சரியாக இனம் கண்டது. மிச்சம் 13. அதை மறைக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தேன்.

அடுத்த ரெக்ரூட்டரிடம் அவர் கேட்பதற்கு முன் நானே ஆரம்பித்தேன். "கிளையண்ட் பெயரும் அளவுகளும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பிரச்சினை என்ன, அதில் நான் செய்தது என்ன என்று பேச எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறேன். அதே வகைப் பிரச்சினைக்குத் தனியாக ஒன்று கட்டியிருக்கிறேன், லிங்க் அனுப்புகிறேன். உங்கள் ஆட்கள் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கோட் எழுதவும் தயார்." இவ்வளவுதான் சொன்னேன். அவர் கிளையண்ட்டைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

தொழில்நுட்ப நேர்காணலில் பேச்சு முழுக்க அந்த 13-ஐச் சுற்றித்தான். அவை ஒரே நாளில், ஒரே தொகையில், ரெஃபரன்ஸ் எண் இல்லாமல் வந்தவை. எது எதோடு சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் என் நிரல் ஊகிக்காமல் மனிதர் பார்வைக்கு ஒதுக்கிவிடும். "ஏதோ ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தால் மொத்தம் சரியாகத்தானே வரும்?" என்று மடக்கினார் நேர்காணல் செய்தவர். மொத்தம் சரியாக வரும், ஆனால் நாளைக்கு அதில் ஒன்று ரத்தானால் பணம் வேறு ஆள் கணக்கில் போய் உட்காரும் என்றேன். அங்கிருந்து பேச்சு அரை மணி நேரம் போனது. வேலை கிடைத்தது.

உங்களுக்கு எப்படிப் போனது?

வரிக்குதிரை

இவ்வளவு பயப்பட வேண்டுமா? வேலையை விட்டதும் என்டிஏ முடிந்துவிடும். என் கிளையண்ட் பெயர் செய்தித்தாளிலேயே வந்தது. பொதுவில் வந்த விஷயம் ரகசியம் இல்லை என்று அண்ணன் காகிதத்திலும் இருக்கிறதே. நான் எல்லா நேர்காணலிலும் தாராளமாகப் பேசுகிறேன்.

பழைய சிலேட்டு

வரிக்குதிரை, பாதி சரி. மீதி பாதியில் மாட்டிக்கொள்வீர்கள். ஒப்பந்தங்களைப் படித்துப் பார்ப்பது என் வேலை, அதனால் சொல்கிறேன்.

வேலை முடிந்தாலும் ரகசியக் கடமை தொடரும் என்று பெரும்பாலான என்டிஏக்களில் ஒரு வரி இருக்கும். சிலவற்றில் இத்தனை வருடம் என்று கணக்கு உண்டு. தொழில் ரகசியம் என்று குறித்தவற்றுக்கு அது ரகசியமாக இருக்கும்வரை என்றே எழுதுவார்கள். உங்கள் காகிதத்தின் கடைசிப் பக்கங்களில் தேடுங்கள், அந்த மாதிரி வரிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

செய்தித்தாள் விஷயத்தில் நீங்கள் சொல்வது செல்லும், ஆனால் செய்தி எங்கே நின்றதோ அங்கேயே நீங்களும் நிற்க வேண்டும். அவர்கள் புது சிஸ்டம் வாங்கினார்கள் என்று செய்தி வந்தால் அது மட்டும்தான் பொதுவில் வந்தது. அதன் உள்ளே எந்த இடம் இடித்தது, ஏன் இரண்டு முறை தள்ளிப்போனது என்று நீங்கள் சேர்த்தால் அது செய்தித்தாளில் இல்லாதது.

பலர் மறக்கும் ஒரு சான்று காப்புரிமை விண்ணப்பம். பல நாடுகளில் விண்ணப்பித்த தேதியிலிருந்து சுமார் 18 மாதத்தில் அது தானாகவே பிரசுரமாகிவிடும். கண்டுபிடித்தவர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் ரெக்ரூட்டருக்கு அந்த விண்ணப்பத்தின் எண்ணை அனுப்பினால் போதும். அங்கேயும் அச்சில் இருப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடி

என்னிடமும் ரெக்ரூட்டர் பழைய சம்பளச் சீட்டைக் கேட்டார். சம்பளம் ரகசியம் என்று ஆஃபர் கடிதத்தில் இருந்ததால் தரவில்லை. அதற்கு என்ன மாற்றுச் சான்று தருவது?

கரிக்கோல்

அது வேறு விஷயம், மூன்றாம் மாடி. இங்கே பேசுவது வேலையின் விவரத்தை. சம்பளத்துக்குத் தனியாக ஒரு இழை போடுங்களேன், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

கண்ணாடிச் சில்லு

நான் டிசைனர். எனக்குக் கோட் எழுதிக் காட்டும் வழி இல்லை, கேட்பதே படம்தான். முதல் தடவை கெட்டிக்காரத்தனமாக ஸ்கிரீன்களை ஒரு பிடிஎஃப் ஆக்கி, கிளையண்ட் பெயர் வரும் இடமெல்லாம் கறுப்புக் கட்டம் வைத்து அனுப்பினேன். கட்டத்தின் மேல் மவுஸை இழுத்து காப்பி எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் அடியில் இருந்த எழுத்து அப்படியே வந்தது. நேர்காணல் செய்தவரே அதைக் காட்டினார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சரி, பாஸ்வேர்டு போட்டு வைக்கலாம் என்று ஒரு தோழி சொன்னாள். யோசித்தால், பாஸ்வேர்டு யாரிடம் கொடுக்கிறோமோ அவரிடம் வெளியிட்டது வெளியிட்டதுதானே. இப்போது நான் காட்டுவது பொதுவில் இருக்கும் ஏதாவது ஒரு படிவத்தை எடுத்து, அதில் மக்கள் எங்கே தடுக்குகிறார்கள் என்று ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்து, மாற்றி வரைந்த ஒன்று. வரைபடத்தைவிட அந்த ஐந்து பேர் எங்கே நின்றார்கள் என்ற குறிப்புகளைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

அழைப்புமணி

நான் மறுபக்கம் உட்காருபவள், ரெக்ரூட்டர். ஆளை அனுப்பும்போது நான் நிரப்பும் படிவத்தில் கிளையண்ட் என்று ஒரு கட்டம், பங்கு என்று ஒரு கட்டம், அளவு என்று ஒரு கட்டம். பலருக்கு அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் நோக்கம், உங்கள் ரகசியம் இல்லை. நீங்கள் வெறுமனே "என்டிஏ" என்றால் நானும் காலியாக விடுவேன். மேனேஜர் காலிக் கட்டத்தைப் பார்த்து அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். கரிக்கோல் மாதிரி அங்கே ஒட்டுவதற்கு ஒரு வாக்கியம் தந்தால் என் வேலை முடிந்தது.

இன்னொன்று. எங்களில் சிலர் பேசும் தொனியே வேறு. கிளையண்ட் பெயர், அங்கே உங்கள் மேனேஜர் யார், டீமில் எத்தனை பேர் வேலை தேடுகிறார்கள் என்று கேள்வி நீண்டால், அவர் தேடுவது உங்களை அல்ல, புது வாடிக்கையாளரை. எங்கள் தொழிலில் இது பழைய தந்திரம். எந்தப் பணியிடத்துக்கு என்னைப் பார்க்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் மழுப்புவார்.

நடுநிசி

நான் இன்னும் அதே வேலையில் இருக்கிறேன். ஹெச்ஆருக்கு மெயில் போட்டால் அன்றே விஷயம் பரவிவிடும். ஆபீஸ் கோடில் பெயர்களை மட்டும் மாற்றிச் சொந்த கிட்ஹப்பில் போடலாமா?

கரிக்கோல்

வேண்டாம். பெயரை மாற்றினாலும் அது நிறுவனத்தின் கோட்தான். போதாததற்கு வரலாறு பின்னாலேயே வரும். உங்கள் ரெப்போவில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
git log --all --format='%ae' | sort -u
```

ஆபீஸ் மெயில் முகவரி பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். புதிதாகக் கட்டுங்கள், சொந்தக் கணினியில், சொந்த நேரத்தில்.

பழைய சிலேட்டு

கரிக்கோலின் முதல் பாதி சரி. இரண்டாவதில் எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. வேலையில் இருக்கும்போது அதே துறையில் எழுதும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சிலருடைய பணி ஒப்பந்தத்தில் இருக்கும், சொந்தக் கணினியில் எழுதினாலும். சில இடங்களில் சட்டம் அதற்கு எல்லை போடுகிறது, சில இடங்களில் இல்லை. நடுநிசி, முதலில் என்டிஏவை விட்டுவிட்டுப் பணி ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

கரிக்கோல்

அப்படியென்றால் இவர் எதைக் காட்டுவது? கொஞ்சமும் தொடர்பில்லாத ஒன்றைக் கட்டினால் திறமை தெரியும், அனுபவம் தெரியாதே.

அழைப்புமணி

நேரில் ஒரு மணி நேரம் கோட் எழுதத் தயார் என்று சொல்லச் சொல்லுங்கள். கேள்வி எங்களுடையது, எழுதியதும் எங்களிடமே இருந்துவிடும். அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறிய சீனியர் ஒருவர் இருந்தால் அவர் பெயரும் எண்ணும் வாங்கி வைக்கட்டும். "இவர் வேலை செய்தார், நன்றாகச் செய்தார்" என்று சொல்ல அவருக்கு எந்த விவரமும் தேவையில்லை.

நடுநிசி

ஒருவர் இருக்கிறார். ஆனால் அவரும் அதே காகிதத்தில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நான் எதில் வேலை செய்தேன் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? இன்றிரவு ஒப்பந்தத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன்.