முற்பிழை: இயற்பியல் கணக்குத் திருத்தலுக்கு ஒரு சொல் வேண்டும்

தக்கலை, இயற்பியல் ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். பேப்பர் திருத்தும்போது தினமும் செய்கிற ஒரு வேலைக்குத் தமிழில் பெயர் இல்லாமல் தவிக்கிறேன். கேம்பிரிட்ஜ், ஐ.பி. போன்ற பன்னாட்டுப் பாடத்திட்டங்களின் விடைக்குறிப்புகளில் ‘எரர் கேரீட் ஃபார்வர்ட்’ என்று இருக்கும். முன் பகுதியில் செய்த பிழை அடுத்த பகுதிக்கும் போனால், அதற்கு மறுபடியும் மதிப்பெண் கழிக்காமல் விடுவது. நான் போன வாரம் கொடுத்த கணக்கையே சொல்கிறேன்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் நாற்கரச் சாலையில் 1000 கிலோ நிறையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. பிரேக் பிடித்ததும் 50 மீட்டரில் நிற்கிறது. (அ) எதிர்முடுக்கம், (ஆ) பிரேக் விசை, (இ) நிற்க ஆகும் நேரம் கேட்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண்: முறைக்கு 1, விடைக்கு 1.

வேகம் 20 மீ/வி. சரியான விடைகள் 4 மீ/வி², 4000 நியூட்டன், 5 வினாடி. ஒரு பையன் சமன்பாட்டைச் சரியாக எழுதிவிட்டு, மதிப்பைப் போடும்போது 2-ஐ விட்டுவிட்டான்.

```
v² = u² + 2as
0 = 400 + a × 50
a = −8
F = 1000 × 8 = 8000
t = 20 / 8 = 2.5
```

விடையை மட்டும் பார்த்தால் மூன்றும் தப்பு, 3 மதிப்பெண் போய்விடும். ஆனால் அவன் சறுக்கியது ஒரே இடத்தில்தான். 8-ஐ வைத்துக்கொண்டால் 8000-மும் 2.5-உம் அவனுக்குச் சரியான விடைகள். ஆக 6-க்கு 5 போட்டேன். அந்த 8-இலிருந்து 8000-க்குச் சிவப்பு மையில் ஒரு அம்பு வரைந்தேன். அம்பின் மேல் என்ன எழுதுவது? ‘பிழை முன்னெடுப்பு’ என்று எழுதினால் சரியாக இருக்குமா?

நாகர்கோவில், பாலிடெக்னிக் ஆய்வக உதவியாளர்

டீச்சர், இதற்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதே. பிழைப் பெருக்கம். மின்தடை காணும்போது வோல்ட்மீட்டரில் 2 சதவீதம், அம்மீட்டரில் 3 சதவீதம் பிழை இருந்தால் விடையில் 5 சதவீதம் வரை வரும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகிற பிழைதானே?

கொல்லங்கோடு, ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்

தம்பி சொல்வது வேறு சங்கதி. மீட்டரில் உள்ள பிழை, எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் இருக்கும். அது கருவியின் எல்லை. டீச்சர் கேட்பது கை சறுக்கியதைப் பற்றி. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் பிளஸ் ஒன் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள்.

‘முன்னெடுப்பு’ வேண்டாம். இன்றைக்கு அந்தச் சொல் நல்ல காரியத்தைத் தொடங்குவதற்கு என்று ஆகிவிட்டது. பையன் பிழையை ஆசைப்பட்டு முன்னெடுக்கவில்லை.

மார்த்தாண்டம், டியூஷன் ஆசிரியர்

‘வழிப்பிழை’ எப்படி? பிழையின் வழியாக வந்தது என்று பொருள். வாயில் வைக்க எளிது.

ஒரு நிபந்தனையும் சேர்க்க வேண்டும். கடைசி விடை சரியாக இருந்தால்தான் முழு மார்க், இல்லையென்றால் பாதி. அப்போதுதான் பிள்ளைகள் கவனமாக இருப்பார்கள்.

கொல்லங்கோடு, ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்

ஒரு சறுக்கலுக்கு ஒரு தடவைதான் கழிக்க வேண்டும் என்பதே இந்த முறை. பாதி வெட்டினால் மறுபடியும் தண்டிப்பதாகிவிடும். சொல்லிலும் ஒரு சிக்கல். வழி என்றதும் பிள்ளைக்குச் செய்முறைதான் நினைவுக்கு வரும். ‘வழிப்பிழை’ என்று எழுதினால், என் வழி தப்பு என்று எடுத்துக்கொள்வான். இங்கே வழி சரி, கையில் வந்த எண்தான் தப்பு.

கடைசி விடை சரியாக இருப்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அதே பையன் 8 என்று வைத்துக்கொண்டு, நேரம் 5 வினாடி என்று எழுதியிருந்தால்? `20/8 = 5` என்று இருந்தால் பக்கத்து பெஞ்சிலிருந்து வந்த 5. அதற்கு விடை மதிப்பெண் கிடையாது. ஆனால் சராசரி வேகம் 10, தூரம் 50, ஆகவே 5 வினாடி என்று போட்டிருந்தால் அவன் முடுக்கத்தைத் தொடவே இல்லை. அது தனி வழி, முழு மதிப்பெண். இரண்டு பேப்பரிலும் விடை 5-தான். மேலே உள்ள வரியைப் படித்தால்தான் எது எது என்று தெரியும்.

குலசேகரம், ஒரு மாணவியின் அம்மா

நான் ஆசிரியை இல்லை, மகளுக்காகப் படிக்கிறேன். அவள் பேப்பரில் கிராமைக் கிலோவாக மாற்றாமல் முதல் வரியிலேயே தப்பு. சார் அதற்குக் கீழே மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்துவிட்டார். அப்புறம் ஒன்றும் படிக்கவில்லை. அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. போய்க் கேட்கலாமா, இது விதியா, ஆசிரியர் இஷ்டமா?

தக்கலை, இயற்பியல் ஆசிரியை

அக்கா, தாராளமாகக் கேளுங்கள். சண்டையாக வேண்டாம். அவள் எழுதிய எண்ணை வைத்து அடுத்த வரியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அது ஒத்துவந்தால் அவருக்கே புரியும். பள்ளித் தேர்வில் இது பெரும்பாலும் ஆசிரியர் கையில்தான். பொதுத்தேர்வில் விடைக்குறிப்பு என்ன சொல்கிறதோ அதுதான்.

கோடு இழுப்பவர் நேரம் இல்லாமல்தான் இழுக்கிறார். ஒவ்வொரு பேப்பருக்கும் மறுபடி கணக்குப் போடத் தேவையில்லை. முடுக்கம் எத்தனை மடங்கு மாறியது என்று மட்டும் பார்ப்பேன். இங்கே இரண்டு மடங்கு. விசையும் இரண்டு மடங்காக வேண்டும், நேரம் பாதியாக வேண்டும். 8000, 2.5. ஒரு பார்வையில் முடிந்துவிடும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘முற்பிழை’ சரியாக இருக்குமா? முற்பகல், முற்பிறவி போல. பிழை முன்னால் நடந்தது, இந்த வரியில் இல்லை என்று அந்தச் சொல்லே சொல்லிவிடும். விடையை ‘முற்பிழை விடை’ என்றும், அம்பின் மேல் ‘மு.பி.’ என்றும் எழுதலாம்.

கொல்லங்கோடு, ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்

எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். பையன் சமன்பாட்டையே `v² = u² + as` என்று எழுதியிருந்தால் (அ)-வில் இரண்டு மதிப்பெண்ணும் போகும். ஆனாலும் (ஆ), (இ) இரண்டுக்கும் முற்பிழை பொருந்தும், ஏனென்றால் அங்கே வேண்டியது F = ma-வும் நேரத்துக்கான சமன்பாடும்தான். (ஆ)-வில் நிறையால் வகுத்தால் அது அங்கேயே நடந்த புதுத் தப்பு. அதற்கு மு.பி. கிடையாது.

மார்த்தாண்டம், டியூஷன் ஆசிரியர்

சரி, சொல்லை ஏற்கிறேன். ஆனால் 72-ஐ மாற்றாமல் அப்படியே போட்டவனை என்ன செய்வீர்கள்? முடுக்கம் 51.84, விசை 51,840 நியூட்டன், நேரம் 1.39 வினாடி. தார் ரோட்டில் ஓடும் சாதாரணக் காருக்கு அப்படி பிரேக் பிடிக்காது, ஐந்து ‘g’-க்கு மேல் போகிறதே. நடக்கவே முடியாத விடைக்குமா முழு மதிப்பெண்? இயற்பியல் படிப்பவன் அதைப் பார்த்து நின்றிருக்க வேண்டாமா?

தக்கலை, இயற்பியல் ஆசிரியை

நான் திருத்தும் பேப்பர் கட்டுக்குள் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். முற்பிழை முறைப்படி இரண்டு பேருக்கும் 5. (இ)-யில் 72 மறுபடியும் வந்தாலும் அது அதே சறுக்கல்தான், புதிது இல்லை. ஆனால் ஒருத்தி மட்டும் ஓரத்தில் “இவ்வளவு வருமா?” என்று பென்சிலில் எழுதியிருக்கிறாள். தப்பைத் தேடியிருக்கிறாள், கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்கும் மற்றவனுக்கும் ஒரே மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு விடைக்குறிப்பில் இடமும் இல்லை. இரண்டு பேப்பரையும் இன்னும் கட்டாமல் மேசையில் வைத்திருக்கிறேன்.