விடை தொடங்கும் இடம், முடியும் இடம்: சொல் தேவை

செ.: பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெர்ட் என்ற மொழி மாதிரியிடம் கேள்வியையும் பத்தியையும் சேர்த்துக் கொடுத்தால் அது விடையைத் தானாக எழுதாது. சொல்லோ சொல்லின் பாகமோ ஆன ஒவ்வொரு டோக்கனுக்கும் 'இங்கே தொடங்கலாம்' என ஒரு மதிப்பெண்ணும் 'இங்கே முடியலாம்' என இன்னொன்றும் போடும், கூட்டுத்தொகை அதிகமான ஜோடியை எடுத்துக்கொள்வோம் (முடிவு தொடக்கத்துக்கு முன்னால் வரக்கூடாது, அவ்வளவுதான்). தொடக்கம் முதல் முடிவு வரையிலான அந்த ஸ்பானுக்கு 'விடைத்துண்டு' சரியா?

க.: துணி, துண்டு, துணுக்கு எல்லாம் ஒரே வேர், அழகான சொல். தொடக்கத்துக்கு விடைமுதல், முடிவுக்கு விடையீறு என்று வைக்கலாம். நன்னூலில் உயிரீற்றுப் புணரியல் என்று ஓர் இயலே இருக்கிறதே!

ம.: எட்டாம் வகுப்பில் தினமும் நடத்துகிறேன் ஐயா. 'பத்தியைப் படித்து விடையளிக்க' என்பது எல்லோருக்கும் புரியும், புதுச்சொல் எதற்கு?

ர.: அம்மா, உங்கள் மாணவர் சொந்த நடையில் எழுதினாலும் மதிப்பெண் போடுவீர்கள். இங்கே பத்தியில் இருக்கும் எழுத்துகளை அப்படியே எடுத்தாக வேண்டும், தமிழில் இடிப்பதும் அங்கேதான். பத்தியில் 'பெருவுடையார் கோயில் தஞ்சாவூரில் உள்ளது' என்று இருக்கிறது, கோயில் எந்த ஊரில் என்று கேட்கிறோம். விடை 'தஞ்சாவூர்'. ஆனால் பத்தியில் ர் இல்லை, ரி இருக்கிறது. யுனிகோடில் இகரக் குறிக்கு முன்னால் வெட்டினால் 'தஞ்சாவூர' என்று நிற்கும். மதுரையில் என்று இருந்திருந்தால் மதுரை சுத்தமாகக் கழன்றுவரும். 'தமிழ்நாட்டில்' இன்னும் மோசம், டகரம் இரட்டித்துவிட்டது. ஆகவே பயிற்சித் தரவில் விடையைக் குறிப்பவர் வேற்றுமை உருபோடு சேர்த்தே குறிக்க வேண்டும். ஒருவர் உருபோடும் இன்னொருவர் உருபில்லாமலும் குறித்தால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மதிப்பீட்டில் சரியான விடையும் தவறாகிவிடும். க. ஐயா, ஈறு என்றால் மாணவர் சொல்லின் ஈறு என்றே எடுத்துக்கொள்வார், குழப்பம் இரட்டிப்பாகும்.

க.: அது நடைமுறைக் கோளாறு தம்பி, சொல்லின் குற்றமல்ல. பொருட்பொருத்தம் பார்த்தால் விடையீறுதான்.

ர.: துண்டும் வேண்டாம். நீண்ட பத்தியை 384 டோக்கன் சாளரங்களாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வெட்டுகிறோம். முந்தைய அத்தியாயத்தில் செ. அவற்றைத்தான் துண்டு என்று எழுதியிருக்கிறார். ஒரு துண்டுக்குள் விடைத்துண்டு இல்லை என்றால் எந்தத் துண்டு?

ம.: ஸ்பான் என்றே விட்டால் என்ன? பேசும்போது அதைத்தானே சொல்கிறீர்கள்.

செ.: அச்சில் அதை விட மனசு வரவில்லை. சரி, 'விடைப்பகுதி', 'தொடக்க இடம்', 'முடிவு இடம்' என்று போடுகிறேன், மூன்று பேர் தனிமடலில் ஒத்துக்கொண்டார்கள். உருபைச் சேர்த்துக் குறிக்கும் விதியைப் பயிற்சிப் பகுதியில் தனியாக எழுதுகிறேன்.

க.: பகுதி, விகுதி என்று பகுபத உறுப்பிலக்கணத்தில் ஏற்கெனவே உண்டு, அது மட்டும் குழப்பாதா? என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.