ஃப்ளோர் இன்சார்ஜோடு தொடர் மோதல்: நடுவில் ஆள் வைத்துப் பேசக் கேட்டு ஜி.எம்.முக்கு எழுதிய கடிதம்

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் ஃப்ளோர் இன்சார்ஜ் அண்ணனுக்கும் எனக்கும் கொஞ்ச நாளாகவே ஒத்துப்போகவில்லை. அவர் என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் பெரியவர், வேலையில் கெட்டிக்காரர். ஆனால் ஒவ்வொரு ஆர்டரிலும் ஏதாவது ஒரு இடத்தில் முட்டிக்கொள்கிறது.

கடைசியாக நடந்தது சைஸ் ரேஷியோவில். பையர் எல் சைஸைக் கூட்டி, எக்ஸ்.எல்.லைக் குறைத்து, பி.ஓ. என்கிற ஆர்டர் தாளைத் திருத்தி அனுப்பினார். காலையிலேயே அண்ணனுக்கு மெயில் போட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பழைய ரேஷியோவில் துணியை அடுக்கடுக்காக லே விரித்து வெட்டி முடித்திருக்கிறார்கள். எல் பீஸ் பற்றவில்லை. அதற்கு மட்டும் துணி போட்டால் டையிங்கில் வேறு லாட் ஆகிவிடும், ஷேடு மாறும், பையர் ஏற்க மாட்டார். கட்டிங் டேபிள் பக்கத்தில் ஆட்கள் பார்க்க அண்ணன் சத்தம் போட்டார். நானும் பதிலுக்குச் சத்தம் போட்டேன்.

ஜி.எம். இங்கிலீஷ் மெயில் என்றால் மேலோட்டமாகப் பார்த்து விட்டுவிடுவார். அதனால் தமிழிலேயே டைப் செய்து கையில் கொடுத்தேன். பெயர்களை எடுத்துவிட்டு அப்படியே போடுகிறேன்:

> ஐயா,
>
> எனக்கும் ஃப்ளோர் இன்சார்ஜ் அவர்களுக்கும் ஆர்டர் மாற்றங்களைத் தெரிவிப்பதில் தொடர்ந்து பிரச்சினை வருகிறது. ஜூன் 12 அன்று திருத்திய சைஸ் ரேஷியோவைக் காலை 10 மணிக்கு மெயிலில் அனுப்பினேன். கட்டிங் பழைய ரேஷியோவில் நடந்துவிட்டது. மே மாதக் கடைசியில் மெயின் லேபிள் மாறியபோதும் இதுவே நடந்து, தைத்த பீஸ்களைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. இரண்டு முறையும் ஆட்கள் முன்னால் நாங்கள் சத்தமாகப் பேசிக்கொண்டோம்.
>
> நானே இரண்டு தடவை அவரிடம் பேசிப் பார்த்தேன். பேச்சு வாக்குவாதமாகவே முடிகிறது.
>
> இது அவர் மேல் புகார் அல்ல. நடவடிக்கை எதுவும் கேட்கவில்லை. எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இருவருக்கும் பொதுவான ஒருவர் முன்னிலையில் ஒரு மணி நேரம் பேச ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். குவாலிட்டி மேனேஜர் இருந்தால் நல்லது. அவர் எங்கள் இருவர் டிபார்ட்மென்ட்டிலும் இல்லை. பி.ஓ. மாறினால் யார், யாரிடம், எப்படிச் சொல்வது என்பதை முடிவு செய்வதே என் நோக்கம். அடுத்த ஆர்டரின் கட்டிங் தொடங்கும் முன் நடந்தால் உதவியாக இருக்கும்.

இப்படி எழுதிக் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், இனி என்ன ஆகும்?

சாட்சி முக்கியம்

கடிதம் சரி. ஆனால் எம்.டி.க்கும் ஹெச்.ஆருக்கும் காப்பி போடாமல் விட்டீர்களே? எதுவானாலும் எழுத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருக்கணும். நாளைக்கு ஷிப்மென்ட் தள்ளிப்போனால் பழி உங்கள் தலையில்தான்.

ஓய்வுபெற்ற ஹெச்.ஆர்.

எழுத்தில் இருக்கணும் என்பது சரி. தேதி போட்டு ஒரு நகல் கையில் வைத்துக்கொண்டால் போதும். எம்.டி.க்குக் காப்பி போன நிமிஷமே அது புகார்தான். நீங்கள் 'புகார் அல்ல' என்று எழுதியதை யாரும் நம்ப மாட்டார்கள். அந்த அண்ணன் முறைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார்.

கடிதத்தில் எனக்குப் பிடித்தது, 'மதிக்கிறதே இல்லை', 'வேண்டுமென்றே செய்கிறார்' என்ற பேச்சே இல்லாதது. நடந்ததை மட்டும் சொல்கிறது, சத்தம் போட்டதில் உங்களையும் சேர்த்தே சொல்கிறது. அவர் கையில் அந்தத் தாள் கிடைத்தாலும் 'பொய்' என்று சொல்ல ஒரு வரி இல்லை. அப்படிக் கிடைக்கவும் செய்யும், கம்பெனியில் எந்தக் காகிதம் ரகசியமாக இருந்திருக்கிறது?

ஜி.எம்.மையே நடுவில் உட்காரச் சொல்லாததும் நல்லது. அவருக்கு ஷிப்மென்ட் அவசரம். இரண்டு பேர் சொல்வதையும் பாதி கேட்டு, தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிடுவார். தவிர, இன்க்ரிமென்ட் போடுகிறவர் முன்னால் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.

இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. நடுவில் இருப்பவர் முதலில் இருவரையும் தனித்தனியாகப் பார்க்கட்டும். எடுத்தவுடனே எதிரெதிரே உட்காரவைத்தால் பழைய சண்டையே திரும்ப நடக்கும். அடுத்தது, அங்கே பேசுவது அப்ரைசலுக்குப் போகாது என்று ஜி.எம். வாயால் இருவரிடமும் சொல்ல வேண்டும். இப்போதுகூட நேரில் கேட்டுக்கொள்ளலாம். முக்கியமாக, கடிதம் கொடுத்திருப்பதை அந்த அண்ணனிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

கோவை பில்லிங் கவுன்ட்டர்

எனக்கும் இதே மாதிரிதான். கூட வேலை பார்க்கிற சீனியர் ராத்திரியில் மெசேஜ் அனுப்புகிறார், டிரெஸ்ஸைப் பற்றி, உடம்பைப் பற்றி ஏதாவது சொல்கிறார். வேண்டாம் என்று சொல்லியும் நிறுத்தவில்லை. இந்தக் கடிதத்தையே மாற்றி எழுதி, உட்காரவைத்துப் பேசச் சொல்லட்டுமா?

ஓய்வுபெற்ற ஹெச்.ஆர்.

வேண்டாம்மா. இது மோதல் இல்லை, பாலியல் தொந்தரவு. இதற்கு 2013-ம் வருஷச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர், அதற்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். அந்தக் குழுவுக்கு எழுதுங்கள். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். குழுவே இல்லையென்றால் மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது, கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள். சமரசம் என்பது நீங்களாகக் கேட்டால்தான். 'பேசி முடிச்சுக்கலாம்' என்று மேனேஜர் சொன்னால் தலையாட்ட வேண்டியதில்லை.

ஸ்டாஃப் ரூம்

நான் டீச்சர். எனக்கு இது சரிவரவில்லை. கூட இருக்கும் டீச்சரோடு பீரியட் மாற்றுவதில் தகராறு. ஹெச்.எம்.மிடம் இதே மாதிரி எழுதிக் கொடுத்தேன். அவர் ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அதை வாசித்து, 'ரெண்டு பேரும் கை கொடுத்துக்குங்க' என்றார். கொடுத்தோம். அதிலிருந்து அந்த டீச்சர் என்னோடு பேசுவதே இல்லை. தனியாக நடத்த வேண்டும் என்றும் கடிதத்தில் எழுதுங்கள். பெரியவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

எல்லாருக்கும் நன்றி. பேச்சு நடந்துவிட்டது. முதலில் ஜி.எம். 'உங்களுக்குள்ளயே பேசித் தீத்துக்கங்க' என்றுதான் சொன்னார். பேசிப் பார்த்ததை எழுதியிருந்த வரியைக் காட்டியபிறகு குவாலிட்டி மேனேஜரைக் கூப்பிட்டார். அண்ணனிடம் நானே முன்கூட்டிச் சொன்னேன். 'எம் மேல கம்ப்ளைன்ட்டா?' என்றார். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

உள்ளே அவர் சொன்னது: "மெயில் போட்டா எனக்கெப்படிங்க தெரியும்? காலைல இருந்து லைன்ல நிக்கறேன். சிஸ்டத்துல உக்கார்றதே சாயங்காலம்தான்." இத்தனை நாளில் இது என் காதில் விழுந்ததே இல்லை. நான் மெயிலை ஆதாரமாக நினைத்தேன். அவர் அதை, தப்பு நடந்தால் காட்டுவதற்காக நான் போட்டுவைக்கும் சீட்டு என்று நினைத்திருக்கிறார்.

முடிவு இதுதான்: பி.ஓ. மாறினால் முதலில் போன். பிறகு திருத்திய ஷீட்டை நானே கட்டிங் டேபிளுக்குக் கொண்டுபோய் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், பழைய ஷீட்டைக் கிழித்துவிட வேண்டும். அவர் பங்குக்கு, அன்றைக்கு என்ன லே விரிக்கப் போகிறார்கள் என்று காலையில் எனக்கு ஒரு வாட்ஸ்அப் போட வேண்டும். நாலு வரியாக எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். ஒரு மாதம் கழித்து மறுபடி உட்காரப் போகிறோம்.

ஷீட் விஷயம் ஒழுங்காக நடக்கிறது. வாட்ஸ்அப் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. ஆட்கள் முன்னால் சத்தம் போடுவதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, 'ஃப்ளோர்ல மெதுவாப் பேசினா எவனுக்குக் கேக்கும்' என்று சிரித்து மழுப்பிவிட்டார். அதை அடுத்த தடவை எழுப்புவதா, வேலை நடக்கிறதே என்று விட்டுவிடுவதா என்று தெரியவில்லை.

சாட்சி முக்கியம்

வாட்ஸ்அப் வராத நாளையெல்லாம் குறித்துவையுங்கள்.

ஓய்வுபெற்ற ஹெச்.ஆர்.

குறித்துவைப்பதை விட, வராத அன்றைக்கே போன் போட்டு 'அண்ணா, இன்னிக்கு என்ன லே?' என்று கேட்டுவிடுங்கள். சத்தம் போடும் விஷயத்தை அடுத்த உட்காரலில் எழுப்பத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் குவாலிட்டி மேனேஜர் அவரைத் தனியாகப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவைக்கட்டும்.