சர்ஜ் பெருக்கினாலும் கட்டணம் சரியாக வரவில்லை (சாட்ஸ்வர்த் – உம்லாங்கா)

மாலினி_டர்பன்: வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குச் சாட்ஸ்வர்த்திலிருந்து உம்லாங்கா கேட்வேக்கு டாக்சி ஆப் R443 காட்டுகிறது. ரேட் கார்டில் பேஸ் R10, கி.மீ.க்கு R7.50, நிமிடத்துக்கு R0.80, புக்கிங் R5 என்று இருக்கிறது. சர்ஜ் 1.4. தூரம் 34 கி.மீ., மேப்பில் 40 நிமிடம். எனக்கு R314.80தான் வருகிறது. எங்கே தப்பு?

```
fare = base + km*7.5 + mins*0.8 * surge + booking
```

பீனிக்ஸ்_தம்பி: அக்கா, அடைப்புக்குறி போடவில்லை. அதனால் 1.4 நிமிடக் கட்டணத்தை மட்டும்தான் பெருக்குகிறது. புக்கிங்கையும் உள்ளே சேர்த்து எல்லாவற்றையும் பெருக்குங்கள்.

கணக்குப்பிள்ளை: தம்பி சொன்னதில் பாதி சரி. பேஸ், தூரம், நேரம் மூன்றும் அடைப்புக்குள் வரணும். புக்கிங் பொதுவாக வெளியேதான் நிற்கும், டோல் இருந்தால் அதுவும் அப்படியே.

```
fare = (base + km*7.5 + mins*0.8) * surge + booking
```

இப்படிப் போட்டால் 297 × 1.4 + 5 = R420.80. இன்னும் R22 இடிக்கிறது, இல்லையா? பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். 443இல் 5 கழித்து 1.4ஆல் வகுத்தால் ஏறக்குறைய 313. அதில் பேஸும் தூரமும் 265 போனால் மிச்சம் 48, அதாவது 60 நிமிடம். உங்கள் 40 நிமிடம் சாலை காலியாக இருக்கும்போது எடுத்த கணக்கு. அந்த நேரத்தில் N2வும் N3யும் சந்திக்கிற இடத்தைத் தாண்டுவதற்கே பொழுது போய்விடும். மேப்பில் புறப்படும் நேரத்தை வெள்ளி 5 மணி என்று வைத்துப் பாருங்கள்.

மாலினி_டர்பன்: வைத்துப் பார்த்தேன், 50 முதல் 70 நிமிடம் என்கிறது. 60 போட்டால் R443.20. நன்றி ஐயா!

பீனிக்ஸ்_தம்பி: புக்கிங்கையும் பெருக்கினால் R445.20. சரி, நான் சொன்னது ஒத்துவரவில்லை.

ராஜம்மா_மெர்பேங்க்: எனக்கு இதே ரேட்டில், இதே 1.4 சர்ஜில் வேறு தொல்லை. ஒரு கி.மீ., 4 நிமிடம்தான், அதற்கு R47! குறைந்தபட்சக் கட்டணம் R30 என்றுதானே போட்டிருக்கிறது?

கணக்குப்பிள்ளை: அம்மா, உங்கள் பயணம் R20.70தான், 30ஐத் தொடவில்லை. முதலில் 30க்கு ஏற்றிவிட்டு, பிறகு 1.4ஆல் பெருக்கினால் 42, புக்கிங்கோடு 47. முதலில் பெருக்கியிருந்தால் 28.98தான், அதை 30க்கு ஏற்றி R35 என்று முடிந்திருக்கும். உங்கள் ஆப் முதல் வழியில் போகிறது. இன்னொரு ஆப் மாற்றிச் செய்யலாம், அதனால் ஒரு குட்டிப் பயணத்தை சர்ஜ் நேரத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மாலினி_டர்பன்: சர்ஜ் எண்ணையே காட்டாத ஆப்பில்?

கணக்குப்பிள்ளை: அங்கே நேரமும் சர்ஜும் இரண்டுமே தெரியாது, ஒரு விலையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. மேப்பின் நேரத்தைச் சரியென்று எடுத்துக்கொண்டு சர்ஜைக் கண்டுபிடிக்கலாம், அது உத்தேசம்தான். ரேட் கார்டையே பார்க்காமல் முன்கூட்டி ஒரே விலை சொல்கிற ஆப்களும் உண்டு, அவற்றில் இந்தக் கணக்கு கைகொடுக்காது.

பீனிக்ஸ்_தம்பி: டிரைவர் வேறு வழியில் போனால் விலை மாறுமா?

கணக்குப்பிள்ளை: ஆப்பைப் பொறுத்தது, தம்பி. உங்களுடையது எது?