அன்னக்கூடையும் வெந்நீர் டப்பும்

குழு: தண்டையார்பேட்டை குடும்பம்

முருகேசன் சித்தப்பா: மச்சான் அந்தத் தைலம் பேர் என்ன சொன்ன, இன்றைக்கும் சொட்டுச் சொட்டாக ரத்தம். வீட்டில் சொல்லாதே

(இந்தச் செய்தி அழிக்கப்பட்டது)

கோபி: படித்துவிட்டோம் சித்தப்பா

முருகேசன் சித்தப்பா: எதை

கோபி: தைலத்தை

சரோஜா பெரியம்மா: யாருக்கு ரத்தம்? லாரியிலிருந்து விழுந்தானா?

நான்: விழவில்லை பெரியம்மா. அது வேறு இடம்

லதா அத்தை: முருகேசா, எத்தனை நாளாக? மலம் கழிக்கும்போது மட்டுமா? வலி உண்டா?

முருகேசன் சித்தப்பா: அக்கா இது வேறு ஆளுக்கு அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தைப் பேசுங்கள். திருவொற்றியூருக்கு வேன் சொல்லியாச்சா

சரோஜா பெரியம்மா: சொல்லியாச்சு. ஆனால் சமையல்காரர் பெரிய அன்னக்கூடை கேட்கிறார். என்னுடையது கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிப்போனது, யாரிடம் என்று நான் சொல்ல மாட்டேன்

சித்தி: அக்கா, நான் அன்றைக்கே கொடுத்துவிட்டேன்

கோபி: ஆரம்பித்தாச்சு

சித்தி: அண்ணி, மூன்று மாதமாக வருகிறது. பேசினில் சிவப்பாக. வலி இல்லையாம். என்னிடமே போன வாரம்தான் சொன்னார்

கோபி: சிவப்பு என்றால் பயமில்லை, வெறும் மூலம். கறுப்பாக வந்தால்தான் கேன்சர்

லதா அத்தை: கோபி, பாதி சரி. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் பெரும்பாலும் மேலே, இரைப்பைப் பக்கத்து ரத்தம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும். அதேபோல் சிவப்பு என்றதும் மூலம் என்று முடிவு கட்டக் கூடாது. மலக்குடலின் கடைசிப் பகுதியில் கட்டி இருந்தாலும் சிவப்பாகத்தான் வரும். சர்ஜரி வார்டில் இதை நம்பி ஒரு வருஷம் தைலம் பூசிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்

சரோஜா பெரியம்மா: எனக்குக் கோபி பிறந்தபோது வந்தது. ஒரு மாதத்தில் தானாகப் போய்விட்டது

கோபி: அம்மா. குரூப்

லதா அத்தை: பிள்ளை பெற்றபோது வருவது அப்படிப் போகும். இவனுக்கு எப்படிப் போகும்? துறைமுக வரிசையில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஆறு மணி நேரம் லாரியில் உட்காருகிறான், இறங்க முடியாது என்று தண்ணீர் குடிப்பதில்லை, ராத்திரி புரோட்டா. மலம் கல்லாகிவிடுகிறது, முக்குகிறான். ஆசனவாய்க்கு உள்ளே எல்லோருக்கும் ரத்தக்குழாய் நிறைந்த மெத்து மெத்தென்ற சதை உண்டு, முக்க முக்க அது ரத்தம் தேங்கிப் புடைத்துக் கீழே சரியும், கெட்டி மலம் உரசினால் சொட்டும். தைலம் எரிச்சலைக் கொஞ்சம் அடக்கும். முக்குவது நிற்காதவரை மறுபடி வரும்

முருகேசன் சித்தப்பா: வரிசையில் நின்று பார் அக்கா, தண்ணீர் குடி என்று அப்புறம் சொல்

கோபி: அதோடு செல்போன். தினமும் காலை 6.40-க்கு வரும் குட்மார்னிங் ரோஜாப்பூ எங்கே உட்கார்ந்து அனுப்பப்படுகிறது என்று இப்போதுதான் புரிகிறது

லதா அத்தை: சிரிக்காதே, அதுவும் காரணம். அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தாலே அந்த இடத்தில் ரத்தம் தேங்கும். ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்து வா. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்

சித்தி: வெந்நீரில் உட்காரச் சொல்கிறார்களே அண்ணி?

லதா அத்தை: உட்காரலாம். அகலமான பிளாஸ்டிக் டப், இடுப்புக்குக் கீழே நனைகிற அளவு வெதுவெதுப்பான தண்ணீர், 10 முதல் 15 நிமிடம். மலம் கழித்ததும் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை. உப்பு, டெட்டால் எதுவும் கலக்காதே, டெட்டால் அந்தத் தோலைப் புண்ணாக்கும். இறுகிய தசை தளர்ந்து வலி குறையுமே தவிர மூலம் கரைந்து போகாது. அவனுக்குச் சர்க்கரை வேறு, சூடு சரியாகத் தெரியாது. நீ முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் அவன் உட்கார வேண்டும். எழும்போது மெதுவாக, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கணும்

சரோஜா பெரியம்மா: எந்த டப்பில்? என் நீல டப் ஞாயிற்றுக்கிழமைக்கு அரிசி கழுவ

நான்: பெரியம்மா ப்ளீஸ்

சித்தி: கருணைக்கிழங்கு மசியல் நேற்றே செய்தேன். இசப்கோலும் கொடுத்தேன், இன்னும் இறுகிவிட்டது என்கிறார்

லதா அத்தை: தண்ணீரோடு கொடுத்தாயா?

சித்தி: ஒரு வாய்த் தண்ணீர்

லதா அத்தை: அதுதான். இசப்கோல் தண்ணீரை உறிஞ்சித்தான் மலத்தை மிருதுவாக்கும். ஒரு டீஸ்பூனுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், கலந்ததும் குடிக்கணும், மேலே இன்னொரு டம்ளர் குடித்தாலும் நல்லது. தண்ணீர் இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். கிழங்கு சரி, அது மட்டும் போதாது. தினம் ஒரு கீரை, அவரைக்காய், மத்தியானம் சுண்டல். ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டினால் வயிறு ஊதும், ஒரு வாரத்தில் மெல்லக் கூட்டு

முருகேசன் சித்தப்பா: சரி, முடிந்தது. இதை இத்தோடு விடுங்கள்

சித்தி: முடியவில்லை. அண்ணி, இரண்டு மாதமாகக் காலையில் மூன்று நான்கு தடவை போகிறார். போய்விட்டு வந்தும் முழுசாகப் போகவில்லை என்கிறார். பேண்ட் எல்லாம் தொளதொள. சர்க்கரை மாத்திரையால் என்கிறார்

லதா அத்தை: இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்

லதா அத்தை: முருகேசா கேள். சின்ன வயதுக்காரனுக்கு ரத்தம் மட்டும் என்றால் கொஞ்ச நாள் டப்பும் கீரையும் பார்க்கலாம் என்றிருப்பேன். உனக்கு 52 வயது, போகிற பழக்கம் மாறியிருக்கிறது, எடை இறங்கியிருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் கட்டாயம் பார்க்கணும். மூலமாகவே இருக்கலாம், மூலமும் வேறொன்றும் சேர்ந்தும் இருக்கலாம். தொடாமல் யாருக்கும் தெரியாது. கையுறை போட்டு விரலால் பார்ப்பார்கள், சின்னக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள், ஐந்து நிமிடம். பெருங்குடல் முழுக்கக் கேமரா விட்டுப் பார்க்கணும் என்றால் அவர்களே சொல்வார்கள். நடுவில் ரத்தம் நிற்காமல் வந்து தலை சுற்றினால் ஓபிக்குக் காத்திருக்காதே, உடனே எமர்ஜென்சிக்குப் போ

முருகேசன் சித்தப்பா: விரலா

கோபி: சித்தப்பா இப்போதுதான் பயந்திருக்கிறார்

லதா அத்தை: அப்பாவுக்கும் மூலம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சுவரில் போர்டு பார்த்து ஊசி போடக் கூட்டிப்போனார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நான் காட்டியபோது ஈரலுக்குப் போய்விட்டிருந்தது. நம் அப்பாவுக்குக் குடலில் வந்தது என்றால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். ஓபியில் அதையும் சொல்

சரோஜா பெரியம்மா: கூட்டிப்போனது யார் என்று இப்போது எதற்கு லதா. அவரும் இதைப் படிக்கிறார்

லதா அத்தை: யார் பெயரையும் சொல்லவில்லை அண்ணி

நான்: சித்தப்பா, நாளைக் காலை சர்ஜரி ஓபி. நான் லீவு போடுகிறேன்

முருகேசன் சித்தப்பா: நாளைக்கு லோடு இருக்கிறது. காதுகுத்து முடியட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம்

சித்தி: மூன்று மாதமாக இதே திங்கட்கிழமை

சரோஜா பெரியம்மா: அன்னக்கூடை விஷயம் என்ன ஆச்சு?

பெரியப்பா: நாளை காலை 7 மணிக்கு வருகிறேன். கீழே நில்

முருகேசன் சித்தப்பா: அண்ணா லோடு

பெரியப்பா: 7 மணி

கோபி: அப்பா இந்தக் குரூப்பில் எழுதி இரண்டு வருஷம் ஆகிறது

முருகேசன் சித்தப்பா: பார்க்கலாம்

சித்தி: அக்கா, பரண் மேல் ஒரு அன்னக்கூடை இருக்கிறது. உங்களுடையதா என்று தெரியவில்லை. அடியில் "ச" என்று போட்டிருக்கிறது