8 மாதமாக விளம்பரம் ஓடுகிறது, கடிதம் மட்டும் வரவில்லை

பலகாரத்தட்டு, கானாடுகாத்தான்:
கந்தரப்பம், கவுனி அரிசி, மாவுருண்டை என்று எங்கள் வீட்டுப் பலகாரங்களை வலைப்பூவில் எழுதுகிறேன். 8 மாதம் முன்பு அதில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் போட்டேன். கணக்கில் இன்றைக்கு 2.88 டாலர் காட்டுகிறது. முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் எண் வரும் என்றார்கள். தபால்காரரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், வந்தபாடில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெருவிலும் வாசல் உண்டு. முன்வாசல் தெருவைத்தான் கொடுத்திருக்கிறேன். முகவரி குழம்பியிருக்குமா?

தேவகோட்டை ராசு:
கிளிக் பண்ணினால்தான் காசு, அதுதான் விஷயம். சொந்தக்காரர்களிடம் சொல்லி தினம் இரண்டு தடவை தட்டச் சொல்லுங்கள்.

காரைக்குடி முத்து:
ஆச்சி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். வீட்டு ஆட்கள் தட்டுவது போலிக் கிளிக். அந்தக் காசைக் கழித்துவிடுவார்கள், கணக்கே முடங்கலாம். ராசு அண்ணே சொன்னது பழைய கணக்கு. 2024 தொடக்கத்திலிருந்து விளம்பரம் கண்ணில் பட்டதற்கே காசு.

முகவரியில் குழப்பம் இல்லை. 10 டாலர் சேர்ந்த பிறகுதான் அந்தக் கடிதத்தையே அனுப்புவார்கள். அறிக்கையில் Page RPM எவ்வளவு, மாதம் எத்தனை பார்வை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பலகாரத்தட்டு:
0.40 டாலர். மாதம் சுமார் 900 பார்வை.

காரைக்குடி முத்து:
அப்படியென்றால் ஆயிரம் பார்வைக்கு 40 சென்ட், உங்கள் 900-க்கு 36 சென்ட். 8 மாதத்துக்குப் பெருக்கினால் சரியாக 2.88. எதுவும் பழுதாகவில்லை. இதே வேகத்தில் கடிதம் வர இன்னும் 20 மாதம். பணம் கைக்கு வர 100 டாலர் சேர வேண்டும், அதற்கு 22 வருஷத்துக்கு மேல் ஆகும்.

பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதிலுள்ள விளம்பர இடத்துக்கு விளம்பரதாரர்களிடையே ஏலம் நடக்கிறது. வீட்டுக்கடன் பற்றிய பக்கத்துக்குப் போட்டி போட்டு விலை ஏற்றுவார்கள். தமிழில் மாவுருண்டைப் பக்கத்துக்கு ஏலம் கேட்க வருகிறவர்கள் கொஞ்சம் பேர், தொகையும் குறைவு. அதே பக்கத்தைச் சிங்கப்பூரில் ஒருவர் திறந்தால் அந்த ஊர்க் கடைக்காரர்கள் ஏலம் கேட்பார்கள், விலை பெரும்பாலும் கூடும். அறிக்கையை நாடு வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

ஆத்தங்குடி கல் பட்டறை:
நான் தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிறேன். இங்கே விளம்பரம் போட எவ்வளவு ஆகும்?

காரைக்குடி முத்து:
ஐயா, ஆச்சி கேட்பது விளம்பரம் போட்டு வரும் வருமானம் பற்றி. ஆனாலும் நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று. ஆச்சி, இவர் மாதம் 200 ரூபாய் தந்தாலே, 36 சென்ட்டைவிடப் பல மடங்கு. நேரடி விளம்பரமும் ஆட்சென்ஸும் ஒரே பக்கத்தில் இருக்கலாம். இது விளம்பரம் என்று தெரிகிற மாதிரி எழுதிவிட்டு, இணைப்பில் இதைச் சேருங்கள்:

```
rel="sponsored"
```

பலகாரத்தட்டு:
இப்போதுதான் பார்த்தேன். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து மாதம் 140 பார்வை வருகிறது, பாதிக்கு மேல் கந்தரப்பத்துக்கு. ஆனால் கல் வாங்குகிறவர் கந்தரப்பம் படிக்க வருவாரா? வீடு புதுப்பிக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஆத்தங்குடி கல் பட்டறை:
சிங்கப்பூரிலிருந்து வந்து பூர்வீக வீட்டைப் பழுது பார்க்கிறவர்கள் என்னிடம் கல் வாங்குகிறார்கள் ஆச்சி. அவர்கள் உங்கள் பக்கம் வருகிறார்களா என்று எனக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் போட்டுப் பார்ப்போமா?