கடக ரேகை: கச்சு முதல் பன்ஸ்வாரா வரை எந்தெந்த மாவட்டங்கள்? வரைந்து பார்த்தவர்கள் பகிரவும்

ஆசிரியை கலா:
கடக ரேகை எட்டு மாநிலங்கள் வழியாகப் போகிறது என்று பாடப்புத்தகம் சொல்கிறது: குஜராத், ராஜஸ்தான், ம.பி., சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், திரிபுரா, மிசோரம். மாநிலத்தோடு சிக்கல் இல்லை. மாவட்டம் என்று இறங்கினால் ஒவ்வொரு பட்டியலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. மேற்கு ஓரம் மட்டும் போதும், குஜராத்தும் ராஜஸ்தானும். யாராவது நேரடியாகக் கோடு போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

மாடம்பாக்கம் மணி:
கோடெல்லாம் எதுக்குங்க? ஜூன் 21 நண்பகல்ல ஒரு குச்சி நட்டா போதும். நிழல் விழாத ஊர் ரேகையில இருக்குன்னு அர்த்தம். மொதேரா சூரியன் கோயிலை அதனாலதான் அங்க கட்டினாங்க.

நிலவளவை ரங்கன்:
மணி சார், குச்சியை வைத்துக் கோட்டைப் பிடிக்க முடியாது. ரேகையிலிருந்து 5 கி.மீ. தள்ளி நின்றால்கூட ஒரு மீட்டர் குச்சியின் நிழல் 1 மில்லிமீட்டருக்கும் குறைவுதான். சூரியன் அரை டிகிரி அகலத் தட்டு என்பதால் நிழலின் ஓரமே 9 மில்லிமீட்டர் அளவுக்கு மங்கலாக இருக்கும். குச்சி செங்குத்தாக நிற்காமல் கொஞ்சம் சாய்ந்தாலும் கணக்கு போச்சு. கோட்டுக்கு இருபுறமும் ஏறக்குறைய 30 கி.மீ. வரை சூரியத் தட்டின் ஏதோ ஒரு பகுதி நேர் உச்சிக்கு வந்துவிடும். அத்தனை ஊர்க்காரர்களும் "எங்க ஊர்லதான்" என்று சொல்லலாம்.

ரேகையின் இடத்தைச் சொல்வது பூமி அச்சின் சாய்வு. அது ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. சராசரி மதிப்புக்கு இது போதும்:

```
சாய்வு = 23.439291 − 0.0130042 × T
T = (ஆண்டு − 2000) / 100
```

2025-க்கு T = 0.25. விடை 23.43604 டிகிரி, அதாவது 23°26′10″-க்கு ஒரு நூலிழை குறைவு. தரையில் ஆண்டுக்குச் சுமார் 14.5 மீட்டர் தெற்கே நகர்கிறது. இதன்மேல் 18.6 ஆண்டுச் சுழற்சியில் ஒரு தள்ளாட்டம் உண்டு. அது கோட்டை இருபுறமும் 280 மீட்டர் வரை ஆட்டும். மாவட்டப் பட்டியலுக்குச் சராசரியை எடுத்தால் போதும்.

மொதேரா கதை சுவையானது. கோயில் 23.584 டிகிரியில் இருக்கிறது. இன்றைய கோட்டுக்கு 16 கி.மீ. வடக்கே. ஆனால் அது கட்டப்பட்டதாகச் சொல்லும் 1026-ஐ அதே சூத்திரத்தில் போட்டால் 23.566 வருகிறது. அன்றைக்கு ரேகை கோயிலுக்கு 2 கி.மீ. தெற்கே ஓடியது. கோடு விலகிப் போனதே தவிர, மணி சார் சொன்னது முழுப் பொய்யில்லை. அதற்காகத்தான் அங்கே கட்டினார்கள் என்பதற்கு இந்தக் கணக்கு சாட்சி ஆகாது.

மாடம்பாக்கம் மணி:
அப்ப உஜ்ஜயினி? பழைய காலத்துல ரேகை ஊருக்குள்ளயே போச்சாமே!

நிலவளவை ரங்கன்:
அது தலைகீழ். உஜ்ஜயினி நகரம் 23.18-ல். முன்பு ரேகை இன்னும் வடக்கே இருந்தது, இப்போதுதான் நகரத்தை நோக்கி வருகிறது. இதே வேகத்தில் போனால் இன்னும் 2,000 ஆண்டு பிடிக்கும். இன்று ரேகை போவது உஜ்ஜயினி மாவட்டத்தின் வட பகுதியில், டோங்லா பக்கம். அங்கே வராகமிகிரர் பெயரில் ஒரு வானாய்வகம் இருக்கிறது.

ஜிஐஎஸ் பர்வீன்:
கலா டீச்சர் கேட்டதற்கு வருகிறேன். QGIS வரைபட மென்பொருளில் 23.43604 அட்சத்தில் ஒரு கோடு வரைந்து, மாவட்ட எல்லைக் கோப்போடு `Intersection` போட்டால் பட்டியல் வந்துவிடும். தப்பு நடப்பது இரண்டு இடத்தில்.

முதலாவது, இரண்டே புள்ளிகளால் வரைந்த கோடு. அட்ச-தீர்க்க டிகிரியில் இயங்கும் EPSG:4326-இல் இருக்கும்வரை அது சரியான அட்சக்கோடு. நீளம் அளக்க, மீட்டரில் இயங்கும் UTM முறைக்கு மாற்றியதும் மென்பொருள் இரு முனையையும் நேராக இணைத்துவிடும். உண்மையான அட்சக்கோடு அங்கே வளைவு. குஜராத்தின் 500 கி.மீ. நீளத்துக்கு, நடுவில் அந்த நேர்க்கோடு உண்மையான அட்சக்கோட்டுக்கு 2 கி.மீ.க்கு மேல் வடக்கே ஏறி நிற்கும். மாற்றும் முன்பே `Densify by interval` ஓட்டி 0.01 டிகிரிக்கு ஒரு புள்ளி வையுங்கள். பிழை நடந்ததைக் கண்டுபிடிக்க, நடுப்புள்ளியின் அட்சத்தைத் திரும்ப வாசித்தாலே போதும்.

இரண்டாவது, பழைய எல்லைக் கோப்பு. 2011 கணக்கெடுப்புக் கோப்பில் அரவல்லி கிடையாது. அது 2013-இல் சபர்காந்தாவிலிருந்து பிரிந்தது. பட்டியல்கள் முரண்படுவதில் பாதி இதனால்தான்.

மேற்கிலிருந்து எனக்கு வரும் வரிசை: கச்சு (புஜ்ஜுக்கு வடக்கே, காவ்டா சாலையில் பெயர்ப்பலகை உண்டு), பாட்டன் (சங்கேஷ்வருக்குத் தெற்கே), மெஹ்சானா (மெஹ்சானா நகருக்கும் கடிக்கும் இடையே), காந்திநகர் (மான்சா பக்கம்), சபர்காந்தா (பிராந்திஜ் ஊரை ஒட்டி), அரவல்லி (மொடாசாவுக்குச் சற்றுத் தெற்கே). காந்திநகரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தலைநகரம் தெற்கே இருப்பதால் மாவட்டமே தெற்கே என்று நினைப்புபோல.

தேர்வு வழிகாட்டி சுரேஷ்:
டிஎன்பிஎஸ்சிக்கு எட்டு மாநிலம் போதும், மாவட்டமெல்லாம் கேட்க மாட்டான். 23½ டிகிரின்னு எழுதுங்க, மார்க் விழும்.

நிலவளவை ரங்கன்:
மார்க் விழும். வரைபடத்தில் கோடுதான் 7 கி.மீ. வடக்கே விழும், மான்சாவும் பிராந்திஜும் தெற்கே தங்கிவிடும். சில புத்தகங்களில் வரும் 23°27′ சுமார் 1900-ஆம் ஆண்டு மதிப்பு.

தாரிணி:
சென்னையிலும் ஏப்ரல் கடைசியில் நிழலில்லா நாள் வருகிறதே. அப்படியானால் ரேகை இங்கேயும் வந்து போகிறதா?

ஜிஐஎஸ் பர்வீன்:
இல்லை தாரிணி. வந்து போவது சூரியன். சென்னைக்கு மேலே ஏப்ரலில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை. அது வடக்கே போய்த் திரும்பும் எல்லைதான் கடக ரேகை.

ஆசிரியை கலா:
நன்றி. ராஜஸ்தானில் பன்ஸ்வாரா மட்டுமா, டூங்கர்பூரும் சேர்த்தா? சுரேந்திரநகர் பெயரையும் ஒரு பட்டியலில் பார்த்தேன்.

ஜிஐஎஸ் பர்வீன்:
டூங்கர்பூரும் உண்டு. "தொட்டுவிட்டுப் போகிறது" என்று எழுதுவது வழக்கம், ஆனால் மாவட்டத்தின் தென்கோடி 23°20′ அருகே இறங்குகிறது, கோடு அதற்கு 10 கி.மீ. வடக்கே. உள்ளே புகுந்துதான் போகிறது. பிறகு பன்ஸ்வாரா, நகருக்குத் தெற்கே. மாஹி ஆறு கடக ரேகையை இரண்டு தடவை கடப்பதும் இந்த வளைவில்தான்: ம.பி.யிலிருந்து வடக்கே ஏறி, ராஜஸ்தானுக்குள் திரும்பி, மறுபடி தெற்கே குஜராத்துக்கு இறங்கும்.

சுரேந்திரநகருக்கு நான் ஆம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அந்த மாவட்டத்தின் ஜிஞ்ஜுவாடா கோட்டுக்கு 9 கி.மீ. போல தெற்கே. இடையில் இருப்பது சின்ன ரண்ணின் உப்பு நிலம். கிராம எல்லை இல்லாத அந்த வெளியில் எல்லைக்கோட்டை ஆளுக்கொரு விதமாக வரைந்திருக்கிறார்கள்.

நிலவளவை ரங்கன்:
அங்கே வெட்டுத்துண்டின் நீளத்தைப் பாருங்கள். ஒரு கி.மீ.க்குக் குறைவான துண்டு வந்தால் எல்லைப் பிழையா உண்மையா என்று அந்தக் கோப்பால் மட்டும் தீர்மானிக்காதீர்கள். இந்திய நில அளவைத் துறையின் மாவட்ட எல்லையோடு ஒப்பிட வேண்டும். யாரிடமாவது அதன் புதிய பதிப்பு இருந்தால், 71 முதல் 72 டிகிரி தீர்க்கத்துக்குள் வரும் துண்டுகளை மட்டும் இங்கே போடுங்கள்.